ஒரே சரக்கு, இரண்டு எண்ணிக்கை

(ஸ்பின்னிங் மில் கணக்குப் பிரிவினருக்கும் வணிகவியல் மாணவர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று நான் ஒரே ஒரு கேள்வியைப் பேச வந்திருக்கிறேன். மாதக் கடைசி இரவு, மில்லுக்குள் பாதி வேலையில் நிற்கும் சரக்கின் மதிப்பு என்ன? மில்லில் நாம் இதை ப்ராசஸ் ஸ்டாக் என்கிறோம். பாடப்புத்தகம் முடிவுறாப் பணி என்கிறது. எந்தப் பெயரால் அழைத்தாலும், பஞ்சாக உள்ளே போய் இன்னும் நூலாக வெளியே வராத சரக்கு அது. அதை எப்படி எண்ணுவது? எதால் பெருக்குவது? எங்கே தவறு நேர்கிறது? தவறு நேர்ந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? இவ்வளவுதான் இன்றைய பேச்சு.

ஸ்பின்னிங் மில்லை நான் உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. இந்தக் கணக்கின் சிக்கல் அங்கே கண்ணால் பார்க்கும்படி நிற்கிறது. பஞ்சுப் பேலைப் பிரித்து மிக்சிங்கில் போடுகிறோம். அந்த இடத்திலேயே மூலப்பொருள் முழுவதும் உள்ளே போய்விடுகிறது. அதன் பிறகு ப்ளோ ரூம், கார்டிங், டிராயிங், சிம்ப்ளெக்ஸ், ரிங் ஃபிரேம், கோன் வைண்டிங் என்று போகும் வழி நெடுகப் பஞ்சு புதிதாகச் சேர்வதே இல்லை. சேர்வது மின்சாரம், ஆள் கூலி, மெஷின் தேய்மானம், பழுதுபார்ப்பு. பஞ்சு ஒரே இடத்தில் விழுகிறது. கன்வர்ஷன் செலவு வழி நெடுகச் சொட்டுச் சொட்டாக ஏறுகிறது.

இட்லி வேகும் அடுப்பை நினைத்துப் பாருங்கள். தட்டில் மாவு முழுவதும் ஊற்றியாகிவிட்டது. ஆவி பாதிதான் ஏறியிருக்கிறது. அந்த நிமிடத்தில் மூடியைத் திறந்து எத்தனை இட்லி என்று கேட்டால், மாவுக் கணக்கில் இருபது, ஆவிக் கணக்கில் பத்து. இரண்டு பதிலும் சரி. இரண்டையும் ஒரே எண்ணாக்கப் பார்த்தால்தான் இரண்டும் தவறாகின்றன.

சமான அலகு என்று நாம் சொல்வது இதைத்தான். வகுப்பில் ஈக்விவலன்ட் யூனிட் என்று படித்திருப்பீர்கள். பாதி வேலையில் நிற்கும் சரக்கில் இதுவரை போன உழைப்பை எத்தனை முழுச் சரக்குக்கான உழைப்பு என்று மாற்றிச் சொல்வது. ஆனால் ஒரு நிபந்தனை. இந்தக் கேள்வியை ஒவ்வொரு செலவுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பஞ்சுக்கு ஒரு முறை, கன்வர்ஷனுக்கு ஒரு முறை. ஒரே சரக்கு, இரண்டு எண்ணிக்கை.

வாருங்கள், ஒரு மாதக் கணக்கைப் போட்டே பார்ப்போம். வாயால் சொல்லிக் காதால் பின்தொடர வசதியாக முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன்.

20-ஆம் நம்பர் நூல் ஓட்டும் ஒரு சிறிய மில். மாதத் தொடக்கத்தில் உள்ளே சரக்கு எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மாதம் முழுவதும் 1,00,000 கிலோ உள்ளே போயிற்று. 80,000 கிலோ நூலாகி கோடவுனுக்கு வந்துவிட்டது. மீதி 20,000 கிலோ வழியில் நிற்கிறது. பஞ்சுச் செலவு 1,80,00,000 ரூபாய். கன்வர்ஷன் செலவு 61,60,000 ரூபாய். மொத்தம் 2,41,60,000 ரூபாய். வழியில் நிற்கும் சரக்கு, கன்வர்ஷன் கணக்கில், சராசரியாக 40 சதவீதம் முடிந்திருக்கிறது. அந்த 40 எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? கேட்க வேண்டிய கேள்விதான். கொஞ்சம் பொறுங்கள், அதற்கு வருகிறேன்.

முதலில் பஞ்சு. முடிந்த 80,000 கிலோவும் பஞ்சு வாங்கியாயிற்று. வழியில் நிற்கும் 20,000 கிலோவும் முழுப் பஞ்சு வாங்கியாயிற்று. ஆகவே பஞ்சின் சமான அலகு 1,00,000. ஒரு கோடியே எண்பது லட்சத்தை ஒரு லட்சத்தால் வகுத்தால் கிலோவுக்கு 180 ரூபாய்.

அடுத்து கன்வர்ஷன். முடிந்தது 80,000. வழியில் நிற்பதில் 20,000-க்கு 40 சதவீதம், அதாவது 8,000. ஆக 88,000. அறுபத்தொரு லட்சத்து அறுபதாயிரத்தை அதால் வகுத்தால் கிலோவுக்கு 70 ரூபாய்.

நூலின் அடக்கம் 180-ம் 70-ம் சேர்ந்து 250 ரூபாய். முடிந்த 80,000 கிலோவின் மதிப்பு இரண்டு கோடி. வழியில் நிற்கும் சரக்கில் பஞ்சு 20,000 கிலோவுக்கு 36,00,000. கன்வர்ஷன் 8,000 அலகுக்கு 5,60,000. ஆக 41,60,000 ரூபாய். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 2,41,60,000. செலவான ஒவ்வொரு ரூபாயும் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டது.

இதே எண்களை வைத்து இப்போது தவறாகப் போட்டுப் பார்ப்போம். ஏன் என்றால், தவறு எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்தவருக்குத்தான் அது பார்த்த மாத்திரத்தில் பிடிபடும்.

ஒருவர் சதவீதமே பார்க்காமல் உள்ளே போன ஒரு லட்சம் கிலோவையும் முழு நூலாக நினைத்து வகுக்கிறார். கிலோ அடக்கம் 241 ரூபாய் 60 காசு. ப்ராசஸ் ஸ்டாக் 48,32,000. உண்மையைவிட 6,72,000 ரூபாய் அதிகம். ஏறாத மின்சாரத்தையும் கொடுக்காத கூலியையும் சரக்கின் தலையில் ஏற்றியிருக்கிறார். அந்தத் தொகை முடிந்த நூலிலிருந்து கழன்று போனதால் நூல் மலிவாகத் தெரிகிறது.

இன்னொருவர் சதவீதம் பார்க்கிறார். ஆனால் ஒரே சதவீதம். சரக்கு 40 சதவீதம் முடிந்தது என்று பஞ்சுக்கும் கன்வர்ஷனுக்கும் சேர்த்தே 40 போட்டுவிடுகிறார். மொத்தச் செலவை 88,000-ஆல் வகுக்கிறார். கிலோ அடக்கம் 274 ரூபாய் 55 காசு ஆகிவிடுகிறது. ப்ராசஸ் ஸ்டாக் வெறும் 21,96,000 ரூபாய் சொச்சம். ஏறத்தாழ 19,64,000 ரூபாய் குறைவு. முதல் தவற்றைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பெரிய தவறு இது. அவர் 40 சதவீதம் என்று கவனமாகக் கணித்தவர்தான். ஆனால் மிக்சிங்கில் முழுதாக விழுந்துவிட்ட பஞ்சை அவர் கணக்கு 40 சதவீதம் மட்டும் விழுந்ததாகச் சொல்கிறது.

இதன் விளைவு ஏட்டோடு நின்றுவிடுமா? நிற்காது. நூலை 265 ரூபாய்க்கு ஒரு வியாபாரி கேட்கிறார் என்று வையுங்கள். சரியான கணக்கில் கிலோவுக்கு 15 ரூபாய் மிஞ்சும். முதலாமவர் கணக்கில் 23 ரூபாய்க்கு மேல் மிஞ்சுவதுபோல் தெரியும். இன்னும் விலையைக் குறைத்துக் கொடுக்கலாம் என்று துணிச்சல் வரும். இரண்டாமவர் கணக்கில் ஒன்பதரை ரூபாய் நஷ்டம். நல்ல ஆர்டர் கையை விட்டுப் போகும். மில் ஒன்று, மாதம் ஒன்று, செலவு ஒன்று. சமான அலகு மாறியதும் முடிவு தலைகீழாகிவிடுகிறது.

இப்போது அந்த 40 சதவீதத்துக்கு வருவோம். தேர்வுத்தாளில் அது அச்சாகி வந்துவிடும். மில்லில் யார் அச்சடித்துத் தருவார்கள்? இந்தக் கணக்கின் உயிர் அந்த எண்ணில் இருக்கிறது. அதனால் அதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

பலர் செய்வது, ஒவ்வொரு துறைக்கும் சம பங்கு கொடுப்பது. ஐந்து துறை இருக்கிறது, மூன்றைத் தாண்டியது 60 சதவீதம், நான்கைத் தாண்டியது 80 சதவீதம் என்று. இது வழியை அளப்பது. செலவை அளப்பது அல்ல. எல்லாத் துறையும் ஒரே அளவு செலவு வாங்குவதில்லை. ஸ்பின்னிங் மில்லில் மின்சாரத்தை அதிகம் தின்பது ரிங் ஃபிரேம். ஆயிரக்கணக்கான ஸ்பிண்டில்கள் இரவும் பகலும் சுழலும் இடம் அது. ஆகவே கேட்க வேண்டியது, சரக்கு எத்தனை துறையைத் தாண்டியது என்பதை அல்ல. இந்த இடம் வரை ஒரு கிலோவுக்கு எவ்வளவு ரூபாய் ஏறியிருக்கிறது என்பதை.

நம் உதாரண மில்லில் கிலோவுக்கு 70 ரூபாய் கன்வர்ஷன். துறைவாரியாகச் செலவைப் பிரித்துப் பார்த்ததில், மிக்சிங் முடியும்போது மூன்றரை ரூபாய் ஏறியிருக்கிறது. அது 5 சதவீதம். கார்டிங், டிராயிங் கடந்து ஸ்லைவராகக் கேனில் விழும்போது 14 ரூபாய், 20 சதவீதம். சிம்ப்ளெக்ஸ் முடிந்து ரோவிங் ஆகும்போது 24 ரூபாய் 50 காசு, 35 சதவீதம். ரிங் ஃபிரேமைத் தாண்டி காப்பாக இறங்கும்போது ஒரே தாவலில் 56 ரூபாய், 80 சதவீதம். கோனாகச் சுற்றி முடித்தால் 63 ரூபாய், 90 சதவீதம். பேக்கிங்கோடு 70 நிறைகிறது.

இனி மாதக் கடைசி இரவு சரக்கு எங்கெங்கே நின்றது? மிக்சிங்கில் 4,000 கிலோ; அதன் சமான அலகு 200. கேன்களில் ஸ்லைவர் 4,000 கிலோ, 800. ரோவிங் 6,000 கிலோ, 2,100. வைண்டிங் மெஷின் இரண்டு நாள் நின்றதால் தேங்கிய காப்பு 5,000 கிலோ, 4,000. பேக்கிங்குக்குக் காத்திருக்கும் கோன் 1,000 கிலோ, 900. கூட்டுங்கள். சரக்கு 20,000 கிலோ, சமான அலகு 8,000. நான் ஆரம்பத்தில் சொன்ன 40 சதவீதம் இப்படித்தான் வந்தது. அந்த இரவு காப்பு தேங்காமல் அதே எடை ஸ்லைவராக நின்றிருந்தால் சதவீதம் 40-லிருந்து 25-க்கு இறங்கியிருக்கும். ஆகவே போன மாதச் சதவீதத்தை இந்த மாதத்துக்கும் அப்படியே போடுகிறவர், சரக்கு போன மாதம் நின்ற அதே இடங்களில் அதே அளவில் இந்த மாதமும் நிற்கிறது என்று பார்க்காமலே சொல்கிறார்.

இங்கே ஒரு நுணுக்கம். ரிங் ஃபிரேம் கூடத்துக்குள் என்னோடு ஒரு நிமிடம் வாருங்கள். ஒரு ஃபிரேமில் 1,008 ஸ்பிண்டில். கீழே ஸ்பிண்டிலில் காப்பு நிறைந்துகொண்டிருக்கிறது. மேலே க்ரீலில் ரோவிங் பாபின்கள் வரிசையாகத் தொங்குகின்றன. இந்த மில்லில் முழுக் காப்பு 50 கிராம். ஓடிக்கொண்டிருக்கும்போது சராசரியாகப் பாதி நிறைந்தது என்று எடுத்தால் 25 கிராம். 1,008 ஸ்பிண்டிலுக்கும் சேர்த்து 25 கிலோதான். ஆனால் மேலே தொங்கும் ரோவிங் பாபின் நிறைந்திருந்தால் ஒன்றரைக் கிலோ. சராசரிப் பாதி என்றால் முக்கால் கிலோ. ஃபிரேம் முழுவதற்கும் 756 கிலோ. கண்ணுக்குத் தெரியும் நூல் 25 கிலோ, தலைக்கு மேல் தொங்கும் ரோவிங் 756 கிலோ!

எட்டு ஃபிரேம் இருந்தால் சுமார் 6,000 கிலோ. நம் கணக்கில் ரோவிங் என்று எழுதிய 6,000 கிலோ ஏறத்தாழ முழுவதும் க்ரீலில் தொங்குவதுதான். ஸ்டாக் எடுக்கப் போனவர் என்ன எழுதுகிறார்? நிற்கும் இடத்தைப் பார்த்து, ரிங் ஃபிரேம் துறை, 6,000 கிலோ என்று எழுதிவிடுகிறார். கணக்குப் பிரிவில் அதைப் பார்த்தவர், ரிங் ஃபிரேம் என்றால் 80 சதவீதம் என்று போட்டுவிடுகிறார். அந்த ரோவிங் ரிங் ஃபிரேமின் டிராஃப்டிங் ரோலரைத் தொடவே இல்லை. அது நிற்கும் இடம்தான் ரிங் ஃபிரேம். வாங்கிய செலவு சிம்ப்ளெக்ஸ் வரைதான். 35 போட வேண்டிய இடத்தில் 80 விழுந்தால் 2,700 சமான அலகு கூடிவிடும். 8,000 என்பது 10,700 ஆகும். கன்வர்ஷன் வீதம் 70-லிருந்து 67 ரூபாய் 92 காசுக்கு இறங்கும். ப்ராசஸ் ஸ்டாக்கில் 1,66,700 ரூபாய் கூடி நிற்கும். அந்த மாத லாபமும் கூடித் தெரியும். அடுத்த மாதம் அவ்வளவும் திரும்பக் கழியும். யாரும் பொய் எழுதவில்லை. ஸ்டாக் படிவத்தில் துறையின் பெயர் மட்டும் இருந்தது. சரக்கின் நிலை இல்லை. படிவத்தில் துறைக்குப் பக்கத்தில் ஸ்லைவர், ரோவிங், காப்பு, கோன் என்று நிலைக்கும் ஒரு கட்டம் வையுங்கள். இந்தத் தவறு அத்தோடு நின்றுவிடும்.

சரி, இன்னொரு கேள்வி. இவ்வளவு நேரம் கிலோ கிலோ என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, எந்த கிலோ? பஞ்சு கிலோவா, நூல் கிலோவா?

பருத்தியில் இது மிக முக்கியம். மிக்சிங்கில் போட்ட 100 கிலோ பஞ்சு 100 கிலோ நூலாக வருவதில்லை. ப்ளோ ரூமில் தூசும் விதைத் துணுக்கும் விழும், கார்டிங்கில் குட்டை இழை கழியும், கொஞ்சம் ஈரமாகக் காற்றில் போகும். நம் மில்லில் 100 கிலோ பஞ்சுக்கு 86 கிலோ நூல் என்று வைத்துக்கொள்வோம். பேலில் நிற்கும் ஒரு கிலோவில் வரப்போகும் கழிவும் கலந்திருக்கிறது. காப்பில் நிற்கும் ஒரு கிலோ கழிவெல்லாம் போய் மிஞ்சிய கிலோ. இரண்டையும் நேராகக் கூட்டினால் வேறு வேறு பொருளைக் கூட்டியதாகும்.

ஆகவே முதல் வேலை, எல்லா நிலையிலும் உள்ள சரக்கை நூல் கிலோவாக மாற்றுவது. மிக்சிங்கில் தராசில் நின்றது 4,650 கிலோ பஞ்சு என்றால் அதில் 86 சதவீதம், அதாவது ஏறத்தாழ 4,000 கிலோ நூல் வரும். நம் கணக்கில் அந்த 4,000 தான் இருந்தது. ஸ்லைவருக்கு இழப்பு இன்னும் கொஞ்சம் மீதியிருக்கும். ரோவிங்குக்கு அதைவிடக் குறைவு. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு விளைச்சல் விகிதம் தேவை. அதை மில் தன் சொந்த ஓட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

பஞ்சின் 180 ரூபாயும் அப்படி வந்ததுதான். கிலோ 160 ரூபாய்க்கு 100 கிலோ பஞ்சு 16,000 ரூபாய். அதன் கழிவை விற்றால் 520 ரூபாய் வரும். மிச்சம் 15,480. அதை 86 கிலோ நூலால் வகுத்தால் சரியாக 180. வழக்கமான கழிவின் சுமையை நல்ல நூல்தான் சுமக்க வேண்டும். கழிவு விற்ற காசும் நல்ல நூலுக்குத்தான் சேர வேண்டும். ஆனால் மெஷின் கோளாறால் ஒரு ஷிஃப்டில் வழக்கத்துக்கு மேல் கழிந்துபோனால்? அதைச் சரக்கின் மதிப்பில் ஏற்றக் கூடாது. கையிருப்பு மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரம் 2-ம் அந்த அசாதாரண இழப்பை அந்தக் காலத்துச் செலவாகவே எழுதச் சொல்கிறது. ப்ராசஸ் ஸ்டாக்குக்குள் அதை மறைத்து வைத்தால், கெட்டுப்போன ஷிஃப்டின் நஷ்டம் அடுத்த மாதத்துக்கு நகர்ந்துபோகும். அவ்வளவுதான் நடக்கும்.

அடுத்து, பஞ்சைத் தவிர வேறு பொருள் சேர்வதே இல்லையா? சேர்கிறது. வைண்டிங்கில் காகிதக் கோன் சேர்கிறது. பேக்கிங்கில் அட்டைப் பெட்டியும் பாலித்தீன் பையும் சேர்கின்றன. இவற்றை என்ன செய்வது? கன்வர்ஷனோடு கலந்துவிடலாமா?

கலக்கக் கூடாது. ஒரே இடத்தில் முழுதாக விழும் எந்தப் பொருளுக்கும் ஒரே ஒரு கேள்விதான். சரக்கு அந்த இடத்தைத் தாண்டியதா, இல்லையா? தாண்டியிருந்தால் நூறு சதவீதம். தாண்டாவிட்டால் பூஜ்யம். நடுவில் எந்த எண்ணும் கிடையாது.

பாருங்கள், காகிதக் கோன் செலவு 1,62,000 ரூபாய். கோன் வாங்கியது எது? முடிந்த 80,000 கிலோவும், கோனாகச் சுற்றி நிற்கும் 1,000 கிலோவும். 81,000-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 2 ரூபாய். காப்பு 80 சதவீதம் முடிந்த சரக்குத்தான். ஆனால் அது கோனைப் பார்த்ததே இல்லை. அதற்குப் பூஜ்யம். பெட்டிச் செலவு 2,40,000 ரூபாய். பேக்கிங் முடிந்தது 80,000 கிலோ மட்டுமே. ஆகவே கிலோவுக்கு 3 ரூபாய். கோனாக நிற்கும் சரக்குக்கும் இதில் பங்கு இல்லை. இந்த 2,40,000 ரூபாயைக் கன்வர்ஷனோடு கலந்திருந்தால், இன்னும் ஸ்டோரில் இருந்து எடுக்கவே படாத பெட்டிகளுக்காகப் பாதி முடிந்த சரக்கின் மேல் 21,800 ரூபாய் ஏறியிருக்கும். தொகை சிறிதுதான். ஆனால் நடுவழியில் விலை உயர்ந்த பொருள் சேரும் தொழில்களை எண்ணிப் பாருங்கள். சாயப்பட்டறையில் துணியைப் பதப்படுத்திய பிறகுதான் சாயம் விழுகிறது. அங்கே பதப்படுத்தலில் நிற்கும் துணிக்கும் சாயத்தில் பங்கு போட்டால் கணக்கு எங்கே போய் நிற்கும்?

இனி அடுத்த மாதம். முதல் மாதத்தில் தொடக்கச் சரக்கு இல்லை என்று வைத்துக்கொண்டோம். உண்மையில் எந்த மில்லிலும் அப்படி ஒரு மாதம் வராது. நாம் விட்டுவைத்த 20,000 கிலோ, அடுத்த மாதத்தின் தொடக்கச் சரக்கு. அந்த மாதம் புதிதாக 80,000 கிலோ உள்ளே போகிறது. 85,000 கிலோ முடிகிறது. 15,000 கிலோ மறுபடி வழியில் நிற்கிறது. அதுவும் சராசரி 40 சதவீதம் என்றே வைப்போம். இதற்குள் பஞ்சு விலை ஏறி, புதுப் பஞ்சு நூல் கிலோவுக்கு 200 ரூபாய் விழுகிறது.

முதலில் வந்தது முதலில் போகும் என்ற முறையில் போட்டால், இந்த மாதம் செய்த வேலையை மட்டும் எண்ண வேண்டும். தொடக்கச் சரக்குக்குப் பஞ்சு போன மாதமே விழுந்துவிட்டது. இந்த மாதப் பஞ்சில் அதற்குப் பங்கு பூஜ்யம். கன்வர்ஷனில் மீதி 60 சதவீதம், அதாவது 12,000 அலகு, இந்த மாதம் முடிந்தது. ஆக பஞ்சின் சமான அலகு 80,000. கன்வர்ஷனுக்கு 12,000-ம், இந்த மாதமே தொடங்கி முடிந்த 65,000-ம், வழியில் நிற்பதன் 6,000-ம் சேர்ந்து 83,000. இந்த இடத்தில் கை தடுமாறுவதைப் பார்க்கிறேன். தொடக்கச் சரக்கின் மீதி 60 சதவீதத்தைப் பஞ்சுக்கும் போட்டுவிடுகிறார்கள். ஒரு முறை விழுந்த பஞ்சு மறுபடி எப்படி விழும்?

சராசரி முறையில் போட்டால், போன மாதம் செய்த வேலையையும் அதன் செலவையும் சேர்த்தே எடுக்க வேண்டும். பஞ்சு 1,00,000 அலகு. கன்வர்ஷன் 85,000-ம் 6,000-ம் சேர்ந்து 91,000. இரண்டு முறைக்கும் கன்வர்ஷனில் உள்ள வித்தியாசம் 8,000 அலகு. அது வேறொன்றும் இல்லை, போன மாதம் நாம் விட்டுவைத்த அதே 8,000. இந்த வித்தியாசம் சரியாக வராவிட்டால் இரண்டில் ஒன்று தவறு என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

மதிப்பில் என்ன ஆகும்? முதல் முறையில் மாதக் கடைசிச் சரக்கின் பஞ்சு கிலோவுக்கு 200 ரூபாய். சராசரி முறையில் பழைய 36 லட்சமும் புதிய ஒரு கோடியே 60 லட்சமும் கலந்து 196 ரூபாய். 15,000 கிலோவுக்கு 60,000 ரூபாய் வித்தியாசம். கணக்கியல் தரம் இரண்டு முறையையும் அனுமதிக்கிறது. பஞ்சு விலை அடிக்கடி ஏறி இறங்கும் மில்லில், இந்த மாத வேலை எப்படி நடந்தது என்று மேனேஜர் பார்க்க விரும்பினால் முதல் முறைதான் உதவும் என்பது என் கருத்து. சராசரி முறை போன மாத விலையையும் இந்த மாத விலையையும் குழைத்துவிடும். எதை எடுத்தாலும் விலை ஏறிய மாதம் ஒன்று, இறங்கிய மாதம் மற்றொன்று என்று மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

கடைசியாக, தவறைக் கண்டுபிடிப்பது பற்றி. மொத்தச் செலவும் பிரித்த செலவும் ஒத்துப்போகிறது, ஆகவே கணக்கு சரி என்று பலர் நிம்மதியாகக் கையெழுத்திடுகிறார்கள். நான் மேலே போட்டுக் காட்டிய தவறான கணக்குகளைக் கூட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒத்துப்போகும்! ரூபாய் எங்கேயும் தொலையவில்லை. தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அந்தச் சோதனை போதாது.

வேறொரு சோதனை செய்யுங்கள். ப்ராசஸ் ஸ்டாக்கின் மதிப்பைக் கிலோவால் வகுங்கள். நம் சரியான கணக்கில் 41,60,000-ஐ 20,000-ஆல் வகுத்தால் 208 ரூபாய். இந்த எண் பஞ்சின் அடக்கமான 180-க்குக் கீழே போக முடியாது. முழு நூலின் அடக்கமான 250-க்கு மேலே போகவும் முடியாது. ஒரே சதவீதம் போட்டவரின் சரக்கு கிலோவுக்கு 110 ரூபாய்கூட வரவில்லை. உள்ளே இருக்கும் பஞ்சின் விலையே அதைவிட அதிகம்! அந்த ஒரு வகுத்தலே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லைக்குள் விழுந்தாலும் விட்டுவிடாதீர்கள். 208-லிருந்து பஞ்சின் 180-ஐக் கழியுங்கள், 28. அது 70-ல் 40 சதவீதம். முதலாமவரின் 241 ரூபாய் 60 காசில் இதையே செய்தால் 61 ரூபாய் 60 காசு. 88 சதவீதம் முடிந்த சரக்கு என்கிறது அவர் கணக்கு. அந்தச் சதவீதத்தை ஸ்பின்னிங் மாஸ்டரிடம் கொண்டு போய்க் கேளுங்கள். உங்கள் கூடத்தில் அன்று இரவு நின்ற சரக்கு, சராசரியாகக் காப்பைத் தாண்டி கோன் வரைக்கும் வந்துவிட்டதா என்று. க்ரீலில் எத்தனை பாபின் தொங்கியது, கேன் எத்தனை நிறைந்திருந்தது, காப்புப் பெட்டி எத்தனை தேங்கியது என்று அவருக்குத் தெரியும். அவர் இல்லை என்று தலையசைத்தால், கணக்கைத் திரும்ப எடுத்து முதல் பக்கத்திலிருந்து போடுங்கள்.

உங்கள் மில்லின் எண்களைக் கையோடு கொண்டுவந்திருப்பவர்கள் இப்போது கேட்கலாம். அவற்றையே பலகையில் போட்டுப் பார்ப்போம்.